ஐந்து கேன் தண்ணீர், ஒரு சிவப்பு எண்

மே மாதம் முதல் வாரம், மாலை ஏழு மணி இருக்கும். எதிர் வீட்டில் புதிதாகக் குடிவந்த மதுரைத் தம்பி கையில் இரண்டு தாளோடு வந்து நின்றான். ஒன்று ஹவுஸ் ஓனர் கொடுத்த தண்ணீர் பில். இன்னொன்று அதற்கு அவன் எழுதிய பதில் கடிதம்.

"அண்ணே, தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. காலையில குடுத்துடப் போறேன்."

நான் ஒரு குடிநீர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். இந்தத் தெருவில் மீட்டர், பில் என்று எந்தத் தகராறு வந்தாலும் அந்தத் தாள் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். முதலில் பில்லைப் பார்த்தேன். ஏப்ரல் மாதம். முந்தைய அளவு 873, இப்போதைய அளவு 1021, பயன்பாடு 148 கிலோலிட்டர். கிலோலிட்டருக்கு 150 ரூபாய். மொத்தம் 22,200 ரூபாய். அவன் கொடுக்கும் வாடகையே 16,000தான்.

அடுத்தது கடிதம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். சாரம் இதுதான்: "எங்கள் மீட்டரின் முகப்பில் m³ என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது அது கன மீட்டரில் காட்டுகிறது. தாங்கள் அதைக் கிலோலிட்டர் என்று எடுத்துக்கொண்டு பில் போட்டுவிட்டீர்கள். கிலோ என்றால் ஆயிரம். ஆகவே அலகு மாறிப்போனதால் தொகை பல மடங்கு கூடிவிட்டது. தயவுசெய்து சரிசெய்து தரவும்."

தமிழில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் சொன்ன காரணம் தப்பு. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று சற்று யோசித்தேன். பில் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தவறுக்கு அவன் கண்டுபிடித்த காரணம்தான் உதவாது. ஏனென்றால் ஒரு கன மீட்டரும் ஒரு கிலோலிட்டரும் ஒரே அளவு. மீட்டரில் இருப்பதைக் கிலோலிட்டர் என்று படித்தாலும் கன மீட்டர் என்று படித்தாலும் பில்லில் ஒரு பைசா மாறாது.

அவன் நம்பவில்லை. சமையலறையில் அரிசி அளக்கிற ஒரு லிட்டர் படியை எடுத்து வரச் சொல்லிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து அகலம், பத்து உயரம் உள்ள ஒரு பெட்டி செய்தால் அதில் சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும். ஒரு மீட்டர் என்பது பத்துப் பத்து சென்டிமீட்டர். ஆகவே ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள தொட்டிக்குள் அப்படிப்பட்ட பெட்டிகளை நீளவாக்கில் பத்து, அகலவாக்கில் பத்து, அடுக்காகப் பத்து என்று வைக்கலாம். மொத்தம் ஆயிரம் பெட்டி, ஆயிரம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்குப் பெயர்தான் கிலோலிட்டர். மொட்டை மாடியில் கறுப்பாக உட்கார்ந்திருக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி இருக்கிறதே, அது கிலோலிட்டரும்தான், கன மீட்டரும்தான்.

அவன் குழம்பியதில் ஆச்சரியமில்லை. கன மீட்டர் என்ற பெயரில் 'மீட்டர்' தெரிகிறது, ஆயிரம் தெரியவில்லை. கிலோலிட்டர் என்ற பெயரில் ஆயிரம் முன்னால் வந்து நிற்கிறது. ஒன்று சிறியது, மற்றது பெரியது என்று காதுக்குப் படுகிறது. மீட்டர் செய்கிறவர்கள் m³ என்று அடிக்கிறார்கள், பில் போடுகிறவர்கள் கி.லி. என்று எழுதுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற குடியிருப்பவருக்கு இங்கேதான் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று தோன்றும். என் வேலைக்காலத்தில் இதே வாதத்தோடு வந்த மனுக்களை எண்ணி வைத்திருந்தால் ஒரு கட்டு தேறும்.

சரித்திரத்தில் ஒரு காலம் இருந்தது. அப்போது இந்தக் கடிதத்தில் கடுகளவு நியாயம் இருந்திருக்கும். 1901இல் உலக அளவை மாநாடு லிட்டருக்கு ஒரு வரையறை வைத்தது: நீர் மிக அடர்த்தியாக இருக்கும் வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் தண்ணீர் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ, அது ஒரு லிட்டர். நம் பத்து சென்டிமீட்டர் பெட்டியும் அதுவும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நுணுக்கமாக அளந்து பார்த்தால் லிட்டர் ஒரு துளி பெரிதாக இருந்தது. 1.000028 பெட்டி. அதாவது கிலோலிட்டருக்கு 28 மில்லிலிட்டர் வித்தியாசம். 1964இல் மறுபடி கூடி, இந்த வம்பே வேண்டாம், லிட்டர் என்றால் அந்தப் பெட்டிதான், எடையைக் கொண்டுவராதே என்று முடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் நம் தம்பி வழக்குப் போட்டு ஜெயித்திருந்தாலும், அவன் வீட்டின் ஒரு மாதத் தண்ணீரில் அரை லிட்டர்கூடத் தள்ளுபடி ஆகியிருக்காது. ஓனரின் விலையில் அது ஆறு பைசா.

"அப்ப இந்தப் பில்லைக் கட்டணுமாண்ணே?" என்றான் பரிதாபமாக.

கட்ட வேண்டாம். ஆனால் இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் கட்டத்தான் வேண்டியிருக்கும். ஓனரின் மகன் பொறியாளர். 'இரண்டும் ஒன்றுதான், பணத்தைக் கட்டுங்கள்' என்று ஒரே வரியில் பதில் வரும். அதற்கப்புறம் இவன் எவ்வளவு உண்மையான காரணத்தைக் கொண்டுபோனாலும், ஏற்கெனவே ஒரு கதை சொன்னவன் என்ற பார்வையோடுதான் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட பில் கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது அலகை அல்ல, எத்தனை மடங்கு என்பதை. தம்பியின் வீட்டில் அவன், மனைவி, அம்மா, ஒரு குழந்தை, ஆக நான்கு பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதுதான் நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்கள் போடும்போது வைத்துக்கொள்ளும் கணக்கு. நான்கு பேருக்கு 540 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 16 கிலோலிட்டர். பில்லில் இருப்பது 148. ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இவர்கள் கொஞ்சம் சிக்கனக்காரர்கள் என்றால் பத்து மடங்கு.

இந்த மடங்கு நிறையச் சொல்லும். பில் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ வந்தால், விருந்தாளி வந்திருப்பார்கள், கழிப்பறைத் தொட்டி ஒழுகும், புது வாஷிங் மெஷின் வாங்கியிருப்பார்கள். உண்மையிலேயே தண்ணீர் போயிருக்கும். ஆயிரம் மடங்கு என்றால் லிட்டரைக் கிலோலிட்டர் என்று படித்திருக்கிறார்கள். நாலரை மடங்குக்கு அருகே என்றால் பழைய காலன் கணக்கு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பேன். சுத்தமாகப் பத்து மடங்கு என்றால் ஒரே சந்தேகம்தான்: ஒரு புள்ளி காணாமல் போயிருக்கிறது.

பில்லோடு ஓனர் ஓர் ஆதாரமும் இணைத்திருந்தார். வாட்ச்மேன் செல்போனில் எடுத்த மீட்டர் படம், அதைத் தாளில் அச்செடுத்து, அதற்கு ஒரு செராக்ஸ். நேர்மையான மனிதர்தான், ஏமாற்ற நினைக்கிறவர் படத்தை இணைக்க மாட்டார். படத்தில் ஆறு எண்கள் வரிசையாகத் தெரிந்தன: 001021. எல்லாம் ஒரே கறுப்பு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனோம். மாடிப்படிக்கு அடியில், சம்ப் மூடிக்குப் பக்கத்தில் நான்கு வீட்டுக்கும் நான்கு மீட்டர்கள் ஒரே வரிசையில் இருந்தன. மூன்று மீட்டர்கள் ஒரே கம்பெனி. நான்காவது, தம்பியின் வீட்டு மீட்டர், வேறு கம்பெனி. பழையது நின்றுபோனதால் போன வருடம் பிளம்பர் மாற்றியதாம். அதன் கண்ணாடிக்குள் ஈரம் கோத்து மங்கலாக இருந்தது. மேலே படிந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். முதல் ஐந்து உருளைகள் கறுப்பு. ஆறாவது உருளை சிவப்பு. வெளிறிப்போன, காவி மாதிரி ஆகிவிட்ட சிவப்பு. டார்ச் இல்லாமல் அந்த இருட்டில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. செராக்ஸில் சிவப்பும் கறுப்புதான்.

வீட்டுத் தண்ணீர் மீட்டர்களில் இது பொது வழக்கம். கறுப்பில் இருப்பவை முழுக் கன மீட்டர். சிவப்பில் இருப்பவை ஒரு கன மீட்டரின் பின்னங்கள். பெரும்பாலும் பில்லுக்குக் கறுப்பு மட்டும்தான் எடுப்பார்கள். சிவப்பு எப்படி வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மூன்று பழைய மீட்டர்களிலும் ஐந்து கறுப்பு உருளைகள், அவ்வளவுதான் எண்கள். பின்னங்கள் எல்லாம் கீழே நான்கு குட்டி வட்டங்களில், சிவப்பு முள்ளாகச் சுற்றின. ×0.1, ×0.01, ×0.001, ×0.0001 என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதியிருக்கும். முதல் முள் ஓர் எண் நகர்ந்தால் நூறு லிட்டர், அடுத்தது பத்து லிட்டர், மூன்றாவது ஒரு லிட்டர், கடைசி முள் நூறு மில்லிலிட்டர், ஒரு டம்ளரில் பாதி. தம்பியின் மீட்டரில் அந்த முதல் முள் இல்லை. அதற்குப் பதிலாகச் சிவப்பு உருளை ஒன்று எண்களோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டது.

நடந்தது இப்போது கண்ணெதிரே விளங்கியது. மூன்று மீட்டர்களில் முகப்பில் தெரிகிற எண்களை எல்லாம் அப்படியே எழுதினார்கள், சரியாக வந்தது. நான்காவதிலும் அதே பழக்கத்தில் தெரிகிற எண்களை எல்லாம் எழுதினார்கள், பத்து மடங்காகிவிட்டது. 001021 என்பது ஆயிரத்து இருபத்தொன்று அல்ல. நூற்றிரண்டு புள்ளி ஒன்று. ஏப்ரல் முதல் தேதி எழுதிய 873 என்பது எண்பத்தேழு புள்ளி மூன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 14.8 கன மீட்டர். அதாவது 14.8 கிலோலிட்டர். 150 ரூபாய் வீதம் 2,220 ரூபாய்.

இரண்டு தடவையும் ஒரே தப்பைச் செய்ததால்தான் கணக்கு வெளிப்பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்தது. ஒரு மாதம் கறுப்பை மட்டும் எழுதி, அடுத்த மாதம் சிவப்பையும் சேர்த்து எழுதியிருந்தால் 1021இல் 87 போக 934 என்று வந்து எல்லோரும் அன்றைக்கே விழித்திருப்பார்கள். மறுபடி ஒரு மாதம் சரியாக எழுதினால் கழித்தலே எதிர்மறையாகப் போயிருக்கும். ஒரே மாதிரியாகத் தொடர்ந்து செய்கிற பிழை கணக்குப் புத்தகத்தில் கண்ணில் படாது. இந்த வீட்டில் தண்ணீர்க் காசு தனியாக வசூலித்ததே இந்தக் கோடையில்தான் முதல் தடவை. போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்த பிறகு. அதுவரை மீட்டர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பி துள்ளிக் குதித்தான். நான் இன்னும் குதிக்கவில்லை. கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த மீட்டர் தகராறிலும் நான் வாய் திறப்பதில்லை. 148 என்பது நடக்கவே முடியாத எண் என்று தம்பி சொன்னான். அப்படிச் சொல்ல முடியாது. வீடுகளில் இருக்கிற அரை அங்குல மீட்டர், அதாவது 15 மில்லிமீட்டர் மீட்டர், மணிக்கு ஒன்றரை கிலோலிட்டரைச் சிரமமில்லாமல் விடும். ஒரு குழாய் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் வீதம், அதாவது பாதி திறந்த நிலையில், இரவும் பகலும் மாதம் முழுக்க ஓடினால் 150 கிலோலிட்டர் போய்விடும். 'உங்கள் வீட்டில் எங்கோ ஓடியிருக்கிறது' என்று ஓனர் சொன்னால் அது அபத்தமான வாதம் அல்ல.

அதனால் வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடச் சொன்னேன். வாஷிங் மெஷின் நிறுத்தம், கழிப்பறைத் தொட்டி நிரம்பும் வரை காத்திருப்பு. மீட்டரின் முகப்பில் நடுவாக்கில் பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும், நட்சத்திரம் மாதிரி. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போனாலும் அது அசையும். பதினைந்து நிமிடம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், கொசு எங்களைப் பிடித்துக்கொண்டது. சக்கரம் அசையவில்லை. இன்றைக்குக் கசிவு இல்லை. ஏப்ரலில் இருந்ததா? அதற்குச் சக்கரம் பதில் சொல்லாது.

அதற்குப் பதில் சொன்னது லாரி. ஏப்ரல் முழுக்க அந்தக் கட்டடத்துக்குள் வந்த தண்ணீர் லாரித் தண்ணீர் மட்டும்தான். 12,000 லிட்டர் லாரி, 1,800 ரூபாய், மொத்தம் ஆறு லாரி. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் வாட்ச்மேன் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஆறு லாரி என்றால் 72 கிலோலிட்டர். நான்கு வீடும் சேர்ந்து, செடிக்கு ஊற்றியது, படி கழுவியது எல்லாம் அதற்குள்தான். கட்டடத்துக்குள்ளேயே 72தான் வந்தது என்றால், ஒரு வீட்டு மீட்டர் வழியாக மட்டும் 148 போக வழியில்லை. ஓனர் லாரிக்காரனுக்குக் கொடுத்த மொத்தப் பணமே 10,800 ரூபாய். ஒரு வீட்டுக்கு மட்டும் 22,200 பில்.

மற்ற மூன்று வீட்டின் அளவையும் ஓனரின் நோட்டிலிருந்து வாட்ச்மேன் சொன்னார்: 19, 11, 17. தம்பியின் 14.8ஐயும் சேர்த்தால் 61.8. ஆறு லாரிக்கும் இதற்கும் இடையே பத்து கிலோலிட்டர் மிச்சம். அது பொதுக் குழாயில் போயிருக்கும், லாரிக்காரன் கொஞ்சம் குறைத்திருப்பான், சம்ப் நிரம்பித் தெருவில் ஓடியிருக்கும். மீட்டர்களும் ஒரு கைப்பிடி முன்னே பின்னே காட்டும், நல்ல ஓட்டத்தில் நூற்றுக்கு இரண்டு வரை பிசகுவதற்கு விதியே இடம் கொடுக்கிறது. நூல் பிடித்த மாதிரி பொருந்தியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பழைய கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினோம். அவன் சொல்ல நான் எழுதியது பாதி, நான் சொல்ல அவன் எழுதியது பாதி:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். ஏப்ரல் மாதத் தண்ணீர் பில் 22,200 ரூபாய் கிடைத்தது. இதில் மீட்டர் எண்களைப் படித்த விதத்தில் ஒரு பிழை நேர்ந்திருப்பதாகத் தெரிகிறது. எங்கள் வீட்டு மீட்டரில் ஐந்து கறுப்பு எண்களும் கடைசியாக ஒரு சிவப்பு எண்ணும் உள்ளன. சிவப்பு எண் கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கை, அதாவது நூறு லிட்டரைக் குறிக்கும். மற்ற மூன்று மீட்டர்களில் அந்தச் சிவப்பு உருளை இல்லை. பில்லில் சிவப்பு எண்ணும் முழு எண்ணாகச் சேர்ந்துவிட்டது. சரியான அளவு: ஏப்ரல் தொடக்கத்தில் 87.3, முடிவில் 102.1, பயன்பாடு 14.8 கன மீட்டர். இதுவே கிலோலிட்டரிலும் 14.8தான். தங்கள் வீதப்படி தொகை 2,220 ரூபாய். ஏப்ரலில் கட்டடம் முழுவதற்கும் வந்தது ஆறு லாரி, 72 கிலோலிட்டர் என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். மீட்டரின் வண்ணப் படத்தை இணைத்துள்ளேன். 2,220 ரூபாயை இத்துடன் செலுத்துகிறேன். தங்களுக்கு வசதியான நேரத்தில் மீட்டர் முன்னால் வைத்தே இதைச் சோதித்துக் காட்டத் தயாராக இருக்கிறேன். திருத்திய பில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தகராறு இல்லாத தொகையைக் கடிதத்தோடு கட்டிவிடு என்று நான்தான் சொன்னேன். 'பில்லே கட்டவில்லை' என்ற பேச்சு எழக் கூடாது. கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று இவனிடம் இருக்க வேண்டும். கோபத்தில் ஓனர் தண்ணீரை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று அவன் மனைவி வாசலில் நின்றபடியே கேட்டாள். நிறுத்த முடியாது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவைகளை உரிமையாளர் தடுத்து வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. தடுத்தால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றேன். கேட்காத கேள்விக்குச் சட்டத்தைக் காட்டினால் பேச்சு அங்கேயே முறுக்கிக்கொள்ளும்.

மறுநாள் காலை ஓனர் கடிதத்தைப் படித்துவிட்டு மகனுக்குப் போன் போட்டார். மகன் என்ன சொன்னாரோ, மீட்டரடிக்கு எல்லோரையும் வரச் சொல்லிவிட்டார். சிவப்பு என்றால் பின்னம் என்று யார் சொன்னது, கம்பெனிக்காரன் அழகுக்குக்கூடச் சிவப்பு அடித்திருக்கலாமே என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். வண்ணத்தை வைத்து வாதாடுவதை விடத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவது சுலபம்.

குடிதண்ணீர் போடுகிற இருபது லிட்டர் காலி கேன்கள் ஐந்து சேர்த்தோம். இரண்டு தம்பி வீட்டில், இரண்டு என் வீட்டில், ஒன்று வாட்ச்மேனிடம். ஐந்து கேன் என்றால் நூறு லிட்டர். கடைசி எண் உண்மையில் கிலோலிட்டர் என்றால் ஐந்து கேனுக்கு அது பத்தில் ஒரு பங்குதான் நகரும், ஓர் எண் முழுதாக மாற ஐம்பது கேன் பிடிக்க வேண்டும். அது நூறு லிட்டர் உருளை என்றால் ஐந்து கேனில் சரியாக ஓர் எண் மாறிவிட வேண்டும். இதை முன்கூட்டியே ஓனரிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் குழாயைத் திறந்தோம். கேனைப் பிடித்துவிட்டு விளக்கம் சொன்னால், வந்த விடைக்கு ஏற்ப கேள்வியை மாற்றியதாகச் சொல்வார்கள்.

வீட்டில் மற்றக் குழாய்கள் எல்லாம் மூடியிருந்தன. சிவப்பு உருளையில் அப்போது 4 நடுவில் நின்றது. அதற்குக் கீழே ×0.01 என்ற வட்டத்தில் முள் பூஜ்யத்துக்கு மிக அருகே. முதல் கேன் நிரம்பும்போது முள் 2க்கு வந்தது, இருபது லிட்டர். மூன்றாவது கேனில் 6. சிவப்பு 4 மெதுவாக மேலே ஏறி மறைய ஆரம்பித்தது, கீழிருந்து 5இன் தலை எட்டிப் பார்த்தது. ஓனர் குந்தி உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஐந்தாவது கேனில் கழுத்து வரை தண்ணீர் வந்தபோது முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி பூஜ்யத்தைச் சற்றே தாண்டி நின்றது. கேனைக் கழுத்துவரை நிரப்பினால் இருபதுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும், அதுதான் காரணம். சிவப்பு உருளையில் 5. கறுப்பு எண்கள் ஐந்தும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஓனர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பில் புத்தகத்தை வாங்கி, 148ஐ அடித்து 14.8 என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். "செராக்ஸ்ல கலர் தெரியல தம்பி" என்றார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இனி அந்த மீட்டருக்கு ஐந்து எண் மட்டும் எழுதச் சொன்னார். தம்பி தன் பங்குக்கு ஒரு மார்க்கர் பேனாவால் கண்ணாடிமேல் ஐந்தாவது எண்ணுக்கும் ஆறாவது எண்ணுக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்தான்.

கேனில் பிடித்த நூறு லிட்டரை வீணாக்கக் கூடாது என்று வாட்ச்மேன் சம்ப் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே கவிழ்த்தார். நாலாவது கேன் விழுகிறபோது தம்பிக்கு ஏதோ உறைத்தது.

"சார், இந்தத் தண்ணி என் மீட்டர்ல ஏறிடுச்சே. இப்ப திரும்ப சம்ப்புக்கே போகுது."

ஓனர் ஒரு கணம் யோசித்தார். "நூறு லிட்டர். பதினஞ்சு ரூபா," என்றார். "மே மாசத்துல கழிச்சுக்கலாம், ஞாபகப்படுத்து."

"கடிதமா எழுதிக் குடுக்கட்டுமா சார்?"